டிரைவிங் டெஸ்டுக்கு லீவு கேட்பது எப்படி: பெர்மிஷனா, அரை நாளா, முழு நாளா, வார விடுமுறை மாற்றா?

காரைக்குடிப் பக்கம் கடைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. "எல்.எல்.ஆர். எடுத்துட்டேன், டெஸ்டுக்கு ஸ்லாட் போடணும். மேனேஜருக்கு லெட்டர் எப்படி எழுதுறது?" கேட்பவர்கள் எல்லோருக்கும் கடிதத்தின் வாசகம்தான் கவலை. அதற்கு முன் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: எந்த வகை லீவு கேட்பது? இரண்டு மணி நேரப் பெர்மிஷன், அரை நாள், சம்பளத்தோடு ஒரு நாள் தற்செயல் விடுப்பு, வார விடுமுறையை மாற்றிக்கொள்வது என்று நாலு வழி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியாத செலவு உண்டு. வகை முடிவாகிவிட்டால் கடிதம் பாதி எழுதின மாதிரி.

கடைகளில் ஆட்களின் லீவு நோட்டைப் பல வருஷம் கையில் வைத்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பேச வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கோட்டையூரில் வீடு, காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் பில்லிங் வேலை, 22 வயதுப் பெண், சேர்ந்து எட்டு மாதம். காலை 10 மணிக்கு வந்து இரவு 8 மணிக்குக் கிளம்ப வேண்டும், மதியம் இடைவேளை உண்டு. பஸ்ஸுக்குக் காத்து நிற்காமல் ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக லைசென்ஸ் எடுக்க நினைக்கிறார். பழகுநர் உரிமமான எல்.எல்.ஆர். கையில் வந்த தேதி ஜூலை 10.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

நான் நாலு விஷயம் பார்ப்பேன். அந்த லீவு உறுதியாக எத்தனை மணி நேரம் கொடுக்கிறது? சம்பளத்தில் எவ்வளவு போகும்? நீங்கள் இல்லாத நேரம் கவுன்டரில் யார் இருப்பார்கள்? டெஸ்ட் அன்று நடக்காவிட்டாலோ, எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிட்டாலோ, அடுத்த முறை போக என்ன மிச்சம் இருக்கும்?

நாலாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. டெஸ்ட் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று நம்பித்தான் எல்லோரும் லீவு கேட்கிறார்கள். சட்டமே அப்படி நினைக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, தேர்ச்சி பெறாதவர் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி போகலாம். மூன்று முறை போயும் தேறவில்லை என்றால் கடைசி டெஸ்டிலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆகவே மனதில் இரண்டு நாளுக்குத் திட்டம் வைத்துக்கொண்டு, கடிதத்தில் ஒரு நாள் கேட்க வேண்டும்.

இன்னொரு கெடுவும் இருக்கிறது. எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். எடுத்த தேதியிலிருந்து 30 நாள் ஆகாமல் டெஸ்டுக்குப் போக முடியாது. நம் உதாரணத்தில் ஆகஸ்ட் இரண்டாவது வாரத்துக்கு முன் வாய்ப்பே இல்லை, ஜனவரி இரண்டாவது வாரத்துக்குப் பின் அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை. காலாவதியானால் புதிதாக எல்.எல்.ஆர். எடுத்து, மறுபடி 30 நாள் காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு மேனேஜருக்குத் தெரிந்திருக்காது. அவரைப் பொறுத்தவரை லைசென்ஸ் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய ஒன்று. "தீபாவளி போகட்டும்மா" என்று அவர் சொல்வது கெட்ட எண்ணத்தில் அல்ல, கடைசித் தேதி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாததால்தான்.

## ஆர்.டி.ஓ. ஆபீஸில் நேரம் எங்கே போகிறது

ஸ்லாட்டில் போட்டிருக்கும் நேரம் நீங்கள் வண்டியில் ஏறும் நேரம் என்று எண்ண வேண்டாம். முதலில் தாள்களைப் பார்ப்பார்கள். எல்.எல்.ஆர். அசல், வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. இதில் ஒன்று காலாவதி என்றால் அங்கேயே நின்றுவிடும். நிறையப் பேருக்கு இன்சூரன்ஸில்தான் சிக்கல் வருகிறது, ஏனென்றால் வண்டி அண்ணனுடையதாகவோ சித்தப்பாவுடையதாகவோ இருக்கும். அப்புறம் வரிசை. அப்புறம் டெஸ்ட் எடுக்கும் பிரேக் இன்ஸ்பெக்டர் வர வேண்டும். அவருக்கு டெஸ்ட் மட்டுமே வேலை இல்லை, தகுதிச் சான்றான எஃப்.சி.க்கு வரும் வண்டிகளையும் பார்க்க வேண்டும், விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்க்க வெளியே போகவும் நேரலாம். எட்டுப் போடுவது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷத்துக்குக் காலையிலிருந்து மதியம்வரை ஆகிவிடும்.

மழை பெய்தால் தடம் ஈரமாகி டெஸ்டே தள்ளிப்போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் இதற்கு வாய்ப்பு அதிகம்.

கூட யார் வருகிறார்கள் என்பதையும் இப்போதே யோசியுங்கள். எல்.எல்.ஆர். மட்டும் வைத்திருப்பவர் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போவதை விதி அனுமதிப்பதில்லை, லைசென்ஸ் உள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டும். அந்த ஒருவர் அதே கடையில் வேலை பார்க்கும் தோழி என்றால், ஒரு லீவுக் கடிதம் உண்மையில் இரண்டு ஆளைக் கடையிலிருந்து எடுக்கிறது. மேனேஜர் மறுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. வீட்டு ஆளையோ டிரைவிங் ஸ்கூல் ஆளையோ ஏற்பாடு செய்யுங்கள்.

## இரண்டு மணி நேரப் பெர்மிஷன்

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். மேனேஜரும் சட்டென்று தலையாட்டிவிடுவார், எழுத்துகூடத் தேவைப்படாது. சம்பளமும் போகாது.

ஆனால் மேலே சொன்ன வரிசைக்கு இரண்டு மணி நேரம் போதாது. 12 மணிக்கு வருவதாகச் சொன்னவர் 2 மணிக்கு வந்தால், பல கடைகளில் பெர்மிஷன் தானாகவே அரை நாள் ஆகிவிடும். சொன்ன நேரத்துக்கு வராத கணக்கில் சேர்ந்து, அட்டெண்டன்ஸ் போனஸ் இருக்கிற கடையில் அந்த மாத போனஸும் போகலாம். காசை விடப் பெரிய சேதம் வேறு. மணியைப் பார்த்துக்கொண்டே எட்டுப் போடுபவருக்குக் கால் தரையில் படும். அவசரத்தில் திருப்பத்தை இறுக்கிப் பிடித்து, வேகம் குறைந்து, வண்டி சாய்ந்து, கால் ஊன்றுவார். அந்தத் தடத்தில் தோற்பவர்களில் பலர் இப்படித்தான் தோற்கிறார்கள்.

பெர்மிஷன் சரிப்படுவது ஒரு நிலைமையில்தான். உங்கள் வேலை நேரம் மதியம் தொடங்குகிறது, ஸ்லாட் காலையில் இருக்கிறது, தாமதமானால் மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக வேண்டும் என்றால் இது போதும்.

## அரை நாள்

பார்க்க நியாயமாகத் தெரியும். டெஸ்டை முடித்துவிட்டு மதியம் வேலைக்கு வந்துவிடலாம். கடைக்கும் கூட்டம் சேரும் மாலை நேரம் கைவசம் இருக்கும். ஜவுளிக்கடையில் காலைக் கூட்டத்தை ஒரு பில்லிங் ஆள் சமாளித்துவிடுவார், ஆறு மணிக்கு மேல்தான் இரண்டாவது ஆள் கட்டாயம் வேண்டும். அதனால் மேனேஜருக்குப் பிடித்த வழி இது.

இதில் மறைந்திருப்பது, இன்ஸ்பெக்டர் தாமதமாக வந்தால் நீங்கள் மாட்டிக்கொள்ளும் இக்கட்டு. மதியம் ஒரு மணிக்கு உங்கள் முன் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். இருந்தால் கடையில் பேச்சு வாங்க வேண்டும், கிளம்பினால் அன்றைய டெஸ்ட் போச்சு, தேர்வுக் கட்டணமும் போச்சு. மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு டெஸ்ட் கட்டணம் 300 ரூபாய், மறுபடி போகும்போது அதையும் மறுபடி கட்ட வேண்டும்.

அரை நாள் கேட்பதென்றால் இந்த இக்கட்டை முன்கூட்டியே கடிதத்தில் தீர்த்துவிடுங்கள். "மதியம் 2 மணிக்குள் முடியாவிட்டால் போன் செய்து சொல்வேன், அப்போது முழு நாளாகக் கணக்கில் வைத்துக்கொள்ளவும்" என்ற ஒரு வரி போதும். ஸ்லாட் காலையில் முதல் தொகுதியில் கிடைத்து, கடையும் ஆபீஸும் ஒரே ஊரில் இருந்தால், இந்த வரியோடு அரை நாள் நல்ல தேர்வு.

## ஒரு நாள் தற்செயல் விடுப்பு

பலர் இதைக் கேட்கவே தயங்குகிறார்கள். "சேர்ந்து ஒரு வருஷம் ஆகலையே, எனக்கு லீவு உண்டா?" என்பதுதான் காரணம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 25-ஆவது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. 12 மாதம் முடித்த பிறகு கிடைப்பது சம்பளத்துடன் கூடிய 12 நாள் விடுமுறை. அது தனிக் கணக்கு. நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் எடுக்கும் தற்செயல் விடுப்பு, 12 நாள்வரை, முதல் வருஷத்திலேயே உண்டு. உடல்நலக் குறைவுக்கான 12 நாள் வேறு. எட்டு மாதம் ஆன நம் உதாரணப் பெண்ணுக்கும் தற்செயல் விடுப்பு இருக்கிறது. லைசென்ஸ் டெஸ்ட் நியாயமான காரணமா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அதற்காகச் சட்டப் பிரிவைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அது உங்கள் மனதைரியத்துக்கு. "எனது தற்செயல் விடுப்பில் ஒரு நாள்" என்று எழுதினாலே, விவரம் தெரிந்த மேனேஜருக்குப் புரிந்துவிடும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, நாள் ஒன்று குறைகிறது என்பதுதான். வருஷக் கடைசியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம், ஊர்த் திருவிழா, முத்துமாரியம்மன் பால்குடம் என்று வரும்போது அந்த நாள் தேவைப்படும். உங்களிடம் இரண்டு மூன்று நாள்தான் மிச்சம் என்றால் அரை நாள் பக்கம் போங்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் முழு நாளே எடுங்கள். மதியமே முடிந்துவிட்டால் மாலை வேலைக்கு வருவதாகச் சொல்லலாம், அதை மேனேஜர் மறக்க மாட்டார். அரை நாளை முழு நாளாக்கக் கெஞ்சுவதைவிட முழு நாளை அரை நாளாக்கிக் கொடுப்பது மரியாதை.

## வார விடுமுறையை மாற்றிக்கொள்வது

ஞாயிறு திறந்திருக்கும் கடைகளில் ஆளுக்கு ஒரு நாள் என்று வார விடுமுறை மாறி மாறி வரும். உங்களுக்கு வியாழன், தோழிக்குச் செவ்வாய், டெஸ்ட் செவ்வாய் என்றால் மாற்றிக்கொள்ளலாம். சம்பளமும் குறையாது, விடுப்புக் கணக்கும் குறையாது. கவுன்டரிலும் ஆள் இருக்கும். மேனேஜர் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆனால் இது இரண்டு பேருடைய நாள். டெஸ்ட் தள்ளிப்போனால் மறுபடியும் அவரிடமே போய் நிற்க வேண்டும். இன்னொன்று, மாற்றும்போது இருவருக்குமே இரண்டு விடுமுறைக்கு நடுவே வேலை நாள் நீண்டுவிடும். மேலே சொன்ன உதாரணத்தில் தோழி ஒரு செவ்வாயில் ஓய்வெடுத்தால், அடுத்த ஓய்வு அடுத்த வாரம் வியாழன்தான், இடையில் எட்டு நாள் தொடர்ந்து நிற்க வேண்டும். அவர் சம்மதித்தார் என்று நீங்கள் சொல்வது போதாது, கடிதத்தின் கீழே அவர் கையெழுத்தும் இருக்கட்டும். பிறகு "நான் எங்கே சொன்னேன்" என்ற பேச்சு வராது.

உங்கள் வார விடுமுறையே ஆபீஸ் இயங்கும் நாளில் வந்தால் யாரையும் கேட்க வேண்டாம், அந்த நாளுக்கு ஸ்லாட் போடுங்கள். ஆனால் அந்த வாரம் விடுமுறை மாற மாட்டாது என்று மேனேஜரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

## காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போவது

இதையும் ஒரு வழியாக நினைப்பவர்கள் இருப்பதால் எழுதுகிறேன். வேண்டாம். கடை வண்டிக்கு எஃப்.சி. எடுக்க உங்கள் கடை டிரைவர் போகும் இடமும் அதே ஆபீஸ்தான். காரைக்குடி அவ்வளவு பெரிய ஊர் இல்லை. லைசென்ஸ் கிடைத்ததும் அதில் வழங்கிய தேதி இருக்கும். அடுத்த முறை உண்மையாகவே காய்ச்சல் வரும்போது நம்ப ஆள் இருக்காது.

## ஒரே பார்வையில்

| | பெர்மிஷன் | அரை நாள் | ஒரு நாள் தற்செயல் விடுப்பு | விடுமுறை மாற்று |
|---|---|---|---|---|
| நேரம் போதுமா | போதாது | காலை முதல் தொகுதி என்றால் போதும் | போதும் | போதும் |
| சம்பளம் | தாமதமானால் அரை நாள் | விடுப்பு இருந்தால் பிடித்தம் இல்லை | பிடித்தம் இல்லை | பிடித்தம் இல்லை |
| கவுன்டரில் ஆள் | காலையில் ஒருவர் குறைவு | மாலையில் பிரச்சினை இல்லை | நாள் முழுக்க ஏற்பாடு வேண்டும் | ஏற்கெனவே ஆள் உண்டு |
| மறுபடி போக வேண்டுமென்றால் | கேட்கச் சங்கடம் | இன்னொரு அரை நாள் | இன்னொரு நாள் | தோழியை மறுபடி கேட்க வேண்டும் |

தற்செயல் விடுப்பு முழுக்கத் தீர்ந்தவருக்குச் சம்பளமில்லா விடுப்புதான் மிச்சம். 12,000 ரூபாய்ச் சம்பளத்தில் 30 நாள் கணக்கு என்றால் 400 ரூபாய் போகும், 26 நாள் கணக்கு என்றால் சுமார் 460. உங்கள் கடை எந்தக் கணக்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## எந்த வாரம்

லீவு வகைக்கு இணையாக வாரமும் முக்கியம். நம் பெண்ணுக்கு ஆகஸ்ட் இரண்டாவது வாரத்தில் தகுதி வருகிறது. அப்போது ஆடித் தள்ளுபடி முடியும் தறுவாய், கடையில் நிற்க இடம் இருக்காது. ஆவணி முழுக்க முகூர்த்தப் பட்டு. புரட்டாசியில் கல்யாணம் இல்லை, ஜவுளிக்கடை கொஞ்சம் மூச்சு விடும். ஆனால் புரட்டாசிப் பின்பாதியில் தீபாவளிச் சரக்கு இறங்க ஆரம்பித்துவிடும். ஆக, செப்டம்பர் 18-இலிருந்து மாதக் கடைசிவரை உள்ள நாள்தான் கேட்கச் சரியான நாள். மழையும் இன்னும் தொடங்கியிருக்காது. முதல் முறை தவறினாலும் ஏழு நாள் கழித்து, தீபாவளிக் கூட்டத்துக்கு முன்பே இன்னொரு முறை போகலாம். இதையெல்லாம் நழுவவிட்டு நவம்பரில் கேட்டால், ஒருமுறை தவறி ஒருமுறை மழையில் தள்ளிப்போனால் ஜனவரிக் கெடு நெருங்கிவிடும்.

நகைக்கடை, ஹோட்டல் ஆட்களுக்கு இந்தக் கணக்கு மாறும். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை ஹோட்டலாக நடத்தும் இடங்களில் வெளியூர்க் கூட்டம் மார்கழி, தை மாதங்களில் வரும், அதைத் தவிர்த்து நாள் பாருங்கள்.

ஸ்லாட் முதலிலா, லீவு முதலிலா என்று சிலர் கேட்கிறார்கள். முதலில் வாய்மொழியாக, "அண்ணே, புரட்டாசி முதல் வாரத்தில் ஒரு நாள் டெஸ்டுக்குப் போகணும், எந்த நாள் கடைக்குத் தோது?" என்று கேளுங்கள். அவர் இரண்டு நாள் சொல்வார். அதில் ஒன்றுக்கு ஸ்லாட் போட்டுவிட்டு, அன்றைக்கே கடிதம் கொடுங்கள். ஸ்லாட்டைப் போட்டுவிட்டுப் போய் நின்றால், தன்னைக் கேட்காமல் முடிவு செய்ததாக அவருக்குத் தோன்றும்.

## கடிதம்

பெரும்பாலும் வரும் கடிதம் இப்படி இருக்கும்: "ஐயா, எனக்கு முக்கியமான வேலை இருப்பதால் 22-ஆம் தேதி ஒரு நாள் விடுப்பு தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." இதில் மேனேஜர் முடிவெடுக்க எதுவுமே இல்லை. என்ன வேலை, தள்ளிப்போட முடியுமா, கவுன்டரில் யார் என்று மூன்று கேள்வியை அவரே கேட்க வேண்டியிருக்கிறது. கூட்ட நேரத்தில் அவர் கேட்க மாட்டார், "பார்க்கலாம்" என்று சொல்லி மேசையில் வைத்துவிடுவார்.

நம் பெண்ணுக்கு நான் எழுதச் சொல்வது:

> பெறுநர்: மேலாளர் அவர்கள்
>
> பொருள்: ஓட்டுநர் உரிமத் தேர்வுக்காக ஒரு நாள் தற்செயல் விடுப்பு – செப்டம்பர் 22, செவ்வாய்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> நாம் பேசியபடி, இருசக்கர வாகன ஓட்டுநர் உரிமத் தேர்வுக்குச் செப்டம்பர் 22 காலை எனக்கு நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. அன்று ஒரு நாள் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> எனது பழகுநர் உரிமம் ஜனவரி 9 வரை செல்லும். தீபாவளி, பொங்கல் வேலை தொடங்கும் முன் தேர்வை முடித்துவிட விரும்பியே இந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன்.
>
> அன்று இரண்டாம் கவுன்டரை என்னுடன் பணிபுரிபவர் பார்த்துக்கொள்ளச் சம்மதித்து, கீழே கையெழுத்திட்டுள்ளார். முந்தைய நாள் பில் கணக்கை முடித்து ஒப்படைத்துவிடுவேன். தேர்வு மதியத்துக்குள் முடிந்தால் மாலை 4 மணிக்குப் பணிக்கு வருகிறேன்.
>
> தேர்வு தள்ளிவைக்கப்பட்டால், அல்லது மீண்டும் செல்ல நேர்ந்தால், செப்டம்பர் 30 புதன்கிழமையைக் கேட்க எண்ணியுள்ளேன். அந்த நாள் கடைக்கு ஏற்றதல்ல என்றால் தெரிவிக்கவும்.
>
> இணைப்பு: தேர்வு ஒதுக்கீட்டுச் சீட்டு நகல், பழகுநர் உரிம நகல்.

இதில் முக்கியமானவை இரண்டு வரி. ஜனவரி 9 என்ற தேதி, இந்த வேலைக்குக் கடைசி நாள் ஒன்று இருப்பதை மேனேஜருக்குக் காட்டுகிறது. செப்டம்பர் 30 என்ற தேதி, இரண்டாவது லீவைக் கேட்கும் சங்கடத்தை முன்பே தீர்த்துவிடுகிறது. தோற்றுப்போய் வந்து முகம் வாடி நிற்கும்போது கேட்பதைவிட, தெம்பாக இருக்கும் இன்றைக்கே எழுதிவைப்பது எவ்வளவோ மேல். வகை மாறினால் பொருள் வரியும் இரண்டாவது வாக்கியமும் மட்டும் மாறும், மற்றது அப்படியே இருக்கலாம்.

ஆதார் நகலை இணைக்க வேண்டாம், லீவுக்கு அது தேவையில்லை. குடும்பக் கஷ்டம், இரவு பஸ் கிடைக்காத கதை எதுவும் வேண்டாம். அரைப் பக்கத்துக்கு மேல் போனால் கடைசி வரியை யாரும் படிக்க மாட்டார்கள்.

கடிதத்தைக் கூட்டம் இல்லாத நேரத்தில், காலைக் கடை திறந்ததும் கொடுங்கள். ஒரு வாரம் முன்பாவது கொடுத்துவிடுங்கள். அவர் ஒப்புதல் கையெழுத்துப் போட்டதும் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் சம்பளம் போடுபவர் வேறு ஆள், அவருக்கு நீங்கள் வாய்மொழியாகப் பேசியது தெரியாது. வாட்ஸ்அப்பில் மட்டுமே லீவு கேட்கும் கடை என்றால் இதே வாசகத்தை அப்படியே அனுப்பலாம், ஆனால் "சரி" என்ற பதில் வந்த பிறகுதான் லீவு கிடைத்ததாக எண்ணுங்கள். நீல டிக் ஒப்புதல் ஆகாது.

22-ஆம் தேதி டெஸ்ட் முடிந்ததும், தேறினாலும் தேறாவிட்டாலும், தடத்தை விட்டு வெளியே வந்தவுடன் மேனேஜருக்கு ஒரு போன் செய்யுங்கள். தேறவில்லை என்றால் அந்த அழைப்பிலேயே 30-ஆம் தேதியை உறுதி செய்துகொண்டு, மறுநாள் காலை இரண்டே வரியில், முதல் கடிதத்தின் தேதியைக் குறிப்பிட்டு, இரண்டாவது கடிதத்தைக் கொடுத்துவிடலாம்.